ட்ரையாஜ் டேபிள்டாப்ல விடையை கார்டுலயே எழுதி வெச்சிடாதீங்க

டிசாஸ்டர் நர்சிங் மாட்யூல்ல ட்ரையாஜ், அதாவது அடிபட்டவங்கள்ல யாரை முதல்ல பாக்கணும்னு பிரிக்கிறது, இதை சொல்லிக்கொடுக்க நிறைய பேர் டேபிள்டாப் எக்சர்சைஸ் பண்றாங்க. மேஜை மேல ஒரு மேப், பத்து பதினைஞ்சு பேஷன்ட் கார்டு, சிவப்பு மஞ்சள் பச்சை கருப்புனு நாலு கலர் டேக், அவ்வளவுதான் செட்டப். சிவப்புன்னா உடனே பாக்கணும், மஞ்சள்னா கொஞ்சம் காத்திருக்கலாம், பச்சைன்னா லேசான காயம், கருப்புன்னா இறந்தவங்க இல்ல காப்பாத்த முடியாதவங்க. ஆனா அதை நடத்துற விதத்துல சில தவறு இருந்தா ஸ்டூடன்ட்ஸ் கலர் பேரை மட்டும் கத்துக்கிட்டு போயிடுவாங்க, முடிவு எடுக்குற வரிசை கைக்கு வராது.

ஸ்டார்ட்ங்கிற ட்ரையாஜ் முறையை வெச்சே சொல்றேன். 1983ல கலிஃபோர்னியாவுல ஹோக் ஹாஸ்பிடலும் நியூபோர்ட் பீச் ஃபயர் டிபார்ட்மென்டும் சேர்ந்து உருவாக்கினது, பெரியவங்களுக்கானது. நடக்க முடியுறவங்க எல்லாரையும் முதல்ல ஒரு பக்கமா போகச் சொல்லணும், அவங்க பச்சை. மீதி இருக்கிறவங்ககிட்ட மூச்சு, ரத்த ஓட்டம், சொன்னது புரியுதா, இந்த மூணுதான், இதே வரிசையில. மூச்சு இல்லன்னா ஏர்வேயை திறந்து பாக்கணும், திறந்ததும் வந்தா சிவப்பு, வரலன்னா கருப்பு. மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேலயா, சிவப்பு. மணிக்கட்டுல பல்ஸ் கிடைக்கலயா, சிவப்பு. சொன்னதை செய்யலயா, சிவப்பு. இதுல எதுவுமே இல்லன்னா மஞ்சள். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகக்கூடாது.

முதல் தவறு கார்டு எழுதுறதுலயே நடக்குது. "45 வயசு ஆண், தொடை எலும்பு முறிவு, பிபி 110/70, பல்ஸ் 104, மூச்சு 24"னு கேஸ் ஷீட் மாதிரி எழுதி கையில கொடுத்துடுறாங்க. சம்பவ இடத்துல யாரு அந்த ஷீட்டை நீட்டப் போறா? டயக்னோசிஸ் கண்ணுல பட்டுட்டா ஸ்டூடன்ட் மனசு நேரா வார்டுக்கு போயிடும், தொடை எலும்பு முறிவுன்னா ரத்தம் நிறைய போகும், ஷாக் வரும்னு படிச்சது எல்லாம் ஞாபகத்துக்கு வந்து சிவப்பு போட்டுடுவாங்க. கார்டு முன்பக்கம் கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்கிறது மட்டும் இருக்கட்டும்: "தரையில கிடக்கிறார், கால் வளைஞ்சிருக்கு, கத்துறார்." மூச்சு, பல்ஸ் எல்லாம் நடத்துறவர் கையில இருக்கணும், ஸ்டூடன்ட் கேட்டாதான் சொல்லணும். பிபி கேட்டா பதில் கிடையாது, ஏன்னா ஸ்டார்ட்ல பிபிக்கு இடமே இல்ல. ஒரு தடவை கேட்டு பதில் வராம நின்னாலே அந்த வரிசை மண்டையில ஏறிடும்.

ஒரு கேஸ் போட்டு பாப்போம். ஒரு ஹாலோட கூரை இடிஞ்சு விழுந்திருக்கு, பத்து கார்டு. அதுல நாலு கார்டுதான் உண்மையான வேலை வாங்கும்.

ஒண்ணு மேல சொன்ன கால் உடைஞ்சவர். நடக்க முடியல, மூச்சு 24, மணிக்கட்டுல பல்ஸ் இருக்கு, "கையை பிடிங்க"ன்னா பிடிக்கிறார். மஞ்சள். ரெண்டாவது, சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கிற ஒரு அம்மா, வெளிக்காயம் எதுவும் தெரியல, சத்தமும் போடல. எழுந்து வாங்கன்னா முடியல, எண்ணிப் பாத்தா மூச்சு 34. சிவப்பு. மூணாவது ஆள் மல்லாக்க கிடக்கிறார், மூச்சு இல்ல, தலையை சரிபண்ணி ஏர்வேயை திறந்ததும் மூச்சு வருது. சிவப்பு. நாலாவது, தலையில அடிபட்டு முகமெல்லாம் ரத்தம், ஆனா தானே நடந்து வர்றார். பச்சை.

பெரும்பாலான குரூப் என்ன பண்ணும்னா கத்துறவருக்கும் ரத்தம் வழியுறவருக்கும் சிவப்பு, அமைதியா இருக்கிற அம்மாவுக்கு மஞ்சள், சில சமயம் பச்சை கூட. மூச்சு இல்லாதவருக்கு ஒண்ணு ஏர்வே பாக்காமலே கருப்பு போடுவாங்க, இல்ல சிபிஆர் ஆரம்பிக்கிறோம்னு சொல்லுவாங்க. ட்ரையாஜ் பண்றவங்க போற வழியில செய்யக்கூடியது ஏர்வே திறக்கிறது, பீறிட்டு வர்ற ரத்தத்தை நிறுத்துறது, இந்த ரெண்டும்தான். அங்கயே உக்காந்து சிபிஆர் பண்ணா அடுத்து இருக்கிற ஆறு பேரை யாரும் பாக்கல. அதனால யாராவது சிபிஆர்னு சொன்னா "கூடாது"னு திட்டாதீங்க, "சரி, பண்ணுங்க"ன்னு கடிகாரத்தை ஓட விட்டுட்டு, பாக்காம விட்ட கார்டுகளை அவங்க கண் முன்னாடியே அடுக்கி வைங்க. நேரம் வைக்காம இந்த எக்சர்சைஸ் பண்றதுல அர்த்தமே இல்ல, மேஜையை சுத்தி உக்காந்து ஒரு கார்டுக்கு பத்து நிமிஷம் டிஸ்கஸ் பண்ணா யாரு வேணாலும் சரியான கலருக்கு வந்துடுவாங்க.

அடுத்த தவறு, டேக் போட்டதும் எக்சர்சைஸ் முடிஞ்சதா நினைக்கிறது. ரெண்டாவது ரவுண்டு கண்டிப்பா வேணும். அதுல அந்த தலையில அடிபட்டவர் கார்டை திருப்புங்க: "பச்சை இடத்துல உக்காந்திருந்தவர் இப்ப தூங்கி வழியுறார், சொன்னதை செய்யல." இப்ப அவர் சிவப்பு. உடனே முதல்ல சிவப்பு போட்ட குரூப் "நாங்க அப்பவே சொன்னோமே"ன்னு குதிக்கும். இந்த இடத்தை நடத்துறவர் மழுப்பிட்டு போகக்கூடாது. நடந்து வந்து பேசின நேரத்துல அவர் பச்சைதான், எதுக்கும் இருக்கட்டும்னு அப்பவே சிவப்பு போட்டா மூச்சு 34ல இருக்கிற அந்த அம்மாவோட இடம் போயிடும். இதுக்கு பதில் பச்சை இடத்துல ஒரு நர்சை நிறுத்தி மறுபடி மறுபடி பாக்க வைக்கிறதுதான். பச்சை ஏரியாவுக்கு யாரை நிறுத்தினீங்கன்னு கேளுங்க, நிறைய குரூப்புக்கு அங்க ஆளே இருக்காது.

ஆம்புலன்ஸ் எத்தனைன்னு சொல்லாம விடுறதும் இதே மாதிரிதான். தேவைக்கு வசதி பத்தலங்கிறதாலதான் ட்ரையாஜே வருது, வண்டிக்கு கணக்கே இல்லன்னா எந்த கலர் போட்டாலும் எல்லாரும் ஹாஸ்பிடல் போயிடுவாங்க. ரெண்டு வண்டி, ஒண்ணுக்கு ஒரு பேஷன்ட், திரும்பி வர 20 நிமிஷம்னு வைங்க.

கடைசியா டீப்ரீஃப். "பத்துக்கு ஏழு சரி"ன்னு மார்க் போட்டு முடிச்சா எந்த பக்கம் தப்பு போச்சுன்னு தெரியாது. நம்ம கேஸ்லயே உண்மையான சிவப்பு மூணு பேர்னு வைங்க, அந்த அம்மாவும், ஏர்வே திறந்ததும் மூச்சு வந்தவரும், பல்ஸ் கிடைக்காத இன்னொருத்தரும். ஒரு குரூப் நாலு பேருக்கு சிவப்பு போட்டுச்சு, அதுல கால் உடைஞ்சவரும் தலையில அடிபட்டவரும் தேவையில்லாம வந்தவங்க, இது ஓவர்ட்ரையாஜ், நாலுல ரெண்டு. அந்த அம்மா விடுபட்டது அண்டர்ட்ரையாஜ், மூணுல ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா போர்டுல எழுதுங்க. ஓவர்ட்ரையாஜ் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதை ஓரளவு ஏத்துக்கலாம், ஆனா அதுவும் இலவசம் இல்ல. முதல் வண்டி கால் உடைஞ்சவரை ஏத்திட்டு போனா என்ன ஆகும்னு அந்த குரூப்பையே வண்டி கார்டை நகர்த்த சொல்லுங்க. விடுபட்ட அம்மாவுக்கு "ஏன் மஞ்சள்?"னு கேக்கிறதை விட "மூச்சை எண்ணினீங்களா?"ன்னு கேளுங்க. எண்ணி 34னு தெரிஞ்சும் மஞ்சள் போட்டவங்களுக்கு ரூல் தெரியல, எண்ணவே இல்லாதவங்க பாத்த உடனே முடிவு பண்ணிட்டாங்க. முதல் குரூப்புக்கு ரூலை ஒரு தடவை சொன்னா போதும், ரெண்டாவது குரூப்புக்கு இன்னொரு செட் கார்டு கொடுத்து மறுபடி ஓட விடணும்.

குழந்தை கார்டு சேர்க்கிறதா இருந்தா இந்த நம்பர்களை வெச்சு சேர்க்காதீங்க. குழந்தைங்களுக்கு ஜம்ப்ஸ்டார்ட்னு தனி முறை, அதுல மூச்சு 15க்கு கீழயோ 45க்கு மேலயோ போனாதான் சிவப்பு, மூச்சு இல்லாம பல்ஸ் இருந்தா கருப்பு போடுறதுக்கு முன்னாடி அஞ்சு தடவை மூச்சு கொடுத்து பாக்கணும். அதை தனி செஷனா, பெரியவங்க வரிசை நல்லா பழகினதுக்கு அப்புறம் வைங்க.