ஆன்லைன் வகுப்புகளோடு நம் டியூஷன் சென்டரை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அட்டவணை

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நாலைந்து பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். விசாரித்தால், "ஆன்லைன்ல சேர்த்துட்டோம் சார்" என்கிறார்கள் பெற்றோர். கட்டணத்தைக் குறைக்கலாமா என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு முன் இந்த அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்பு சமச்சீர் பிள்ளைகள் 60 பேருக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தும் ஒரு சிறிய ஊர் சென்டரை எடுத்துக்கொள்வோம்.

1. யாரோடு ஒப்பிடுவது?

முதல் பத்தியில் நம் சென்டர். இரண்டாவதில், நின்றுபோன பிள்ளைகள் உண்மையில் சேர்ந்த ஆப். அதிகம் விளம்பரம் வருகிறதே என்று வேறொன்றை எழுத வேண்டாம். மூன்றாவதில் இலவச யூடியூப் பாடங்களும் கல்வித் தொலைக்காட்சியும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆனால் எங்கும் சேராமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு இதுதான் வகுப்பு. தொடக்கத்தில் இந்த மூன்றே போதும்.

2. எதை ஒப்பிடுவது?

நின்றுபோன ஐந்து பேர், தொடரும் ஐந்து பேர் வீட்டுக்கு போன் செய்யுங்கள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் சங்கடப்பட்டு ஏதாவது சொல்லி வைப்பார்கள். "சேர்க்கும் முன் எதையெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதே உங்கள் வரிசைகள். "தரம்" என்று ஒரு வரிசை போடாதீர்கள், அதை யாராலும் சரிபார்க்க முடியாது. "ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பாடம் என்னாகும்?" என்பதைச் சரிபார்க்கலாம்.

3. கட்டணத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

நாம் மாதக் கணக்கில் சொல்கிறோம், ஆப் வருடக் கணக்கில் சொல்கிறது. அப்படியே எழுதினால் ஒப்பிடவே முடியாது. நம் சென்டரில் மாதம் 1,200 ரூபாய், பத்து மாதத்துக்கு 12,000. மாதம் 22 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 330 மணி நேரம். ஆப்பில் அதே இரண்டு பாடத்துக்கு 18,000 ரூபாய், மாதம் 16 மணி நேரம் நேரலை, ஆக 160 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். எக்செலில் கட்டணம் B2-விலும் மணி நேரம் B3-யிலும் இருந்தால்:

```
=B2/B3
```

நமக்கு சுமார் 36 ரூபாய், ஆப்புக்கு சுமார் 112 ரூபாய். பதிவு செய்த வீடியோவை இந்த மணிக்கணக்கில் சேர்க்காதீர்கள். ஆப் ஐந்து பாடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கினால், ஐந்து பாட நேரத்தையும் எண்ண வேண்டும்.

4. மற்ற கட்டங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். விளம்பரத்தில் "24 மணி நேரமும் சந்தேகம் கேட்கலாம்" என்று இருந்தால் அதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். இலவச டெமோவில் சேர்ந்து, இரவு எட்டு மணிக்கு ஒரு கணக்கைப் படம் பிடித்து அனுப்பிப் பாருங்கள். பதில் வந்த நேரத்தைத் தேதியோடு எழுதுங்கள். பார்க்க முடியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

நம் பத்தியை நாமே நிரப்பினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். போன வருடம் படித்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.

| | நாம் | ஆப் | இலவசம் |
|---|---|---|---|
| மணிக்குச் செலவு | 36 | 112 | 0 |
| சந்தேகத்துக்குப் பதில் | மறுநாள் மாலை | 40 நிமிடம் | இல்லை |
| தவறிய வகுப்பு | நோட்டை வாங்கிப் பார்க்கணும் | வீடியோ உண்டு | எப்போதும் உண்டு |
| எழுதிய தாளைத் திருத்துதல் | வாரம் ஒரு முறை | சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு மட்டும் | இல்லை |

5. அட்டவணையைப் படிப்பது

செலவில் ஆப்பிடம் நாம் தோற்கவில்லை. அதனால் கட்டணத்தைக் குறைப்பது தவறான மருந்து. தோற்பது சந்தேகத்திலும் தவறிய வகுப்பிலும். அன்றைய பாடத்தின் முக்கியக் கணக்குகளை பத்து நிமிட வீடியோவாக போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாம். இரவு எட்டு முதல் ஒன்பது வரை சந்தேகத்துக்கு ஒதுக்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

கடைசி வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா எட்டு மதிப்பெண், மொத்தம் 16. கவராயமும் அளவுகோலும் வைத்துக் கையால் வரைய வேண்டும். ஐந்து மதிப்பெண் கணக்கில் விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. விடையை மட்டும் தொடச் சொல்லும் தேர்வில் பிள்ளை எந்தப் படியில் சறுக்குகிறது என்பது தெரியாது. நாம் சிவப்பு மையில் திருத்திய தாளில் அது தெரியும். பெற்றோரைக் கூப்பிடும்போது மதிப்பெண் பட்டியலைக் காட்டாமல் அந்தத் தாளையே விரித்துக் காட்டுங்கள்.

ஆப்காரர்கள் சலுகைக் கட்டணத்தை அடிக்கடி மாற்றுவார்கள். அதனால் ஜூனில் பள்ளி திறக்கும்போதும் காலாண்டு முடிந்ததும் கட்டணத்தையும் பதில் வரும் நேரத்தையும் மட்டும் மறுபடி பார்த்து எழுதினால் போதும்.