கூகுள் போட்டோஸில் முகத்தை மறைப்பதும் முகக்குழுவை அணைப்பதும்

ஒரே முகம் போலத் தெரியும் படங்களை கூகுள் போட்டோஸ் ஒன்றாகச் சேர்த்து வைப்பதுதான் முகக்குழு, அதற்கு நீங்கள் பெயரும் வைக்கலாம். முகத்துக்குப் பெயர் வைப்பதில் சிக்கல் பெரும்பாலும் வராது. அந்தப் பெயரை நம்பி ஓர் ஆல்பத்தைத் தானாக நிரம்ப விடும்போதுதான் வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. அண்ணன் மகன் கவின், தம்பி மகன் நிலவன், இருவருக்கும் 3 வயது, ஒரே ஜாடை. கவின் முகத்துக்குப் பெயர் கொடுத்து, அந்த முகம் உள்ள படங்கள் தானாகச் சேரும்படி ஓர் ஆல்பம் போட்டு, சொந்தக்காரர்களுக்கும் பகிர்ந்துவிட்டீர்கள். குழுவில் நிலவன் கலந்துவிட்டால், அவன் குளிக்கும் படமும் அந்த ஆல்பத்துக்குப் போய்விடலாம். யாரும் அனுப்பவில்லை, ஆனாலும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

கலப்பைச் சரிசெய்ய, கவினின் முகக்குழுவைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு `Remove results` கொடுங்கள். நிலவன் படங்களைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். படம் அழியாது, குழுவிலிருந்து மட்டும் விலகும். ஆனால் ஆல்பத்துக்கு ஏற்கெனவே போன படத்தை அந்த ஆல்பத்துக்குள் போய்த் தனியாக எடுக்க வேண்டும். கையோடு ஆல்பத்தின் `Options` பகுதியில், தானாகச் சேரும் முகங்களின் பட்டியலில் கவினையும் நீக்கிவிடுங்கள். குழந்தை படங்களைப் பகிர்வதென்றால், கையால் தேர்ந்தெடுத்துப் போடுவதே என் வழக்கம்.

அப்புறம், பலர் குழப்பிக்கொள்ளும் இடம். முகங்கள் பட்டியலில் ஒருவரை மறைத்தால், அவர் அந்தப் பட்டியலில் தெரியமாட்டார், அவ்வளவுதான். பெயரை மட்டும் நீக்கினாலும் பெயரில்லாத குழு அப்படியே இருக்கும். முகத்தை ஒப்பிடுவதையே நிறுத்த இந்த வழிதான்:

```
Profile photo > Photos settings > Preferences
> Group similar faces > Face Groups > Off
```

சில நாடுகளில் இந்த வசதியே இல்லாததால், சிலருக்கு இந்த வரி தெரியாமலும் இருக்கலாம். அணைத்தால் குழுக்கள், அவற்றை உருவாக்கிய முக மாதிரிகள், நீங்கள் வைத்த பெயர்கள் மூன்றும் அழிந்துவிடும். மறுபடி போட்டால் பெயர்களை முதலிலிருந்து வைக்க வேண்டும். ஐநூறு முகத்துக்குப் பெயர் வைத்தவர் இதைத் தொடுமுன் யோசிப்பது நல்லது. படங்களுக்கு ஒன்றும் ஆகாது. தேடலில் 'கடற்கரை', 'கேக்' என்று போட்டாலும் படம் வரும். பொருளையும் காட்சியையும் அடையாளம் காண்பது வேறு வேலை, இந்தச் சுவிட்ச் அதைத் தொடுவதில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. நீங்கள் வைத்த பெயர், படத்தைப் பகிரும்போது கூடவே போகாது. ஆனால் அந்தப் படத்தைத் தன் கணக்கில் சேமித்த அத்தை முகக்குழுவைப் போட்டிருந்தால், உங்கள் முகமும் அவர் கணக்கில் ஒரு குழுவாகிவிடும். உங்கள் சுவிட்ச் அங்கே எட்டாது. அவர் போனை வாங்கி அதே வழியில் அணைத்துக் கொடுத்தால்தான் உண்டு.