பாட்டியின் தலைக்கு மேல் வந்த மைக்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் பாட்டியின் நினைவுகளைப் படம்பிடித்தேன். மைக் மாட்டிய நீளக் கோலான பூமைப் பிடித்திருந்த தம்பிக்குக் கை சோர்ந்து, மைக் ஆறு விநாடி படச் சட்டத்துக்குள் இறங்கிவிட்டது. மறுபடி எடுக்க மனம் வரவில்லை, அந்த ஆறு விநாடியில்தான் பாட்டி தன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறார்.

முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். 1080 வரி உயரமுள்ள படத்தில் மைக் மேலிருந்து 130 வரி இறங்கியிருந்தது. அதை வெளியே தள்ள 114 சதவீதம் பெரிதாக்கி, படத்தை மேலே நகர்த்த வேண்டும். செய்தால் பாட்டியின் கொண்டை வெட்டுப்பட்டது. 50, 60 வரி என்றால் 106 சதவீதமே போதும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

சரி, ஒட்டுப் போடலாம் என்று முடிவு செய்தேன். கேமரா முக்காலியில் அசையாமல் இருந்ததால்தான் இது முடிந்தது. அதே ஷாட்டில் மைக் இல்லாத ஆறு விநாடியை எடுத்து மேல் அடுக்கில் வைத்து, அதன் ஒலியை அணைத்தேன். மைக் இருந்த சுவர்ப்பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் வரைந்து ஓரத்தை மென்மையாக்கினேன். அந்த மென்மையான ஓரம் மைக்கைத் தொடக்கூடாது, தொட்டால் சாம்பல் நிழலாகத் தெரியும். உறைந்த ஒற்றைப் படமும் வேண்டாம். சுற்றிலும் புள்ளி இரைச்சல் அசையும்போது ஒட்டு மட்டும் செத்துக் கிடக்கும்.

அப்படியும் ஓரம் தெரிந்தது. சன்னல் வெளிச்சம் இடையில் மாறியிருக்கிறது. ஒட்டின் பிரகாசத்தைக் கொஞ்சம் குறைத்ததும் சுவரோடு சேர்ந்துவிட்டது.