பிடி வலு பார்க்கும்போது சராசரி எடுக்காதீர்கள்

டைனமோமீட்டரில் பிடி வலு பார்க்கும்போது இரண்டு கையிலும் இரண்டு மூன்று தடவை அழுத்தச் சொல்லி, அதில் வந்த அதிகபட்ச எண்ணை மட்டும் எடுங்கள், சராசரி வேண்டாம். வயதானால் வரும் தசைக் குறைவைக் கண்டறிய ஆசியர்களுக்காக வகுத்த 2019 அளவுகோலும் அதிகபட்சத்தைத்தான் கேட்கிறது: ஆண் என்றால் 28 கிலோவுக்குக் கீழே, பெண் என்றால் 18 கிலோவுக்குக் கீழே போனால் வலு குறைவு. வண்ணாரப்பேட்டையில் 66 வயது அம்மா ஒருவருக்கு 16, 18.5, 17.5 என்று வந்தால் சராசரி 17.3, அதை வைத்தால் தேவையில்லாமல் பயப்படுவார், 18.5 என்றால் தப்பித்தார், ஆனால் நூலிழையில்தான்.

கையை ஏன் பார்க்கிறோம் என்றால், வயதாகும்போது தசையின் அளவைவிட வலு வேகமாக இறங்கும், அது பிடியிலேயே தெரிந்துவிடும், ஸ்கேன் செலவும் இல்லை. ஸ்பிரிங் கருவி என்றால் நின்று கையை நீட்டி, ஹைட்ராலிக் என்றால் உட்கார்ந்து முழங்கையை 90 டிகிரி மடக்கி அழுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் பழைய அளவோடு ஒப்பிட முடியாது.

விரல் மூட்டு வாதம், மணிக்கட்டு நரம்பு அழுத்தம், பக்கவாதம் உள்ள கைக்கு இது சரிவராது. அப்புறம் காசிமேட்டில் வலை இழுத்தே காய்ப்பேறிய கை நல்ல எண் காட்டும், கால் தளர்ந்திருந்தாலும்! அவர்களை நாற்காலியில் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், 12 விநாடி ஆனாலே கவனிக்க வேண்டும்.