கேள்வி இல்லாமல் வந்த விளைச்சல் அட்டவணை: எங்கிருந்து தொடங்குவது?

திருவண்ணாமலைப் பக்கம் மானாவாரி நிலக்கடலை போடும் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு சொல் கிடையாது. (எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.)

| ஆண்டு | மழை (மி.மீ.) | ஏக்கருக்கு மூட்டை |
|---|---|---|
| 1 | 310 | 14 |
| 2 | 420 | 17 |
| 3 | 640 | 9 |
| 4 | 390 | 16 |
| 5 | 405 | 8 |
| 6 | 290 | 12 |

1. எது எதன் அளவு?

மூட்டை என்றால் எத்தனை கிலோ, காயா பருப்பா என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், மழை எந்த மாதங்களுக்கானது என்பது. ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலையைப் பிடுங்கிய பிறகும் வடகிழக்குப் பருவமழை கொட்டும். டிசம்பர் புயல் மழையையும் கூட்டியிருந்தால் பயிர் பார்க்காத தண்ணீர் கணக்கில் ஏறிவிடும்.

2. சூத்திரத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள், நம்பிவிடாதீர்கள்

```
=CORREL(B2:B7,C2:C7)
```

மழையும் மூட்டையும் எவ்வளவு ஒத்து நகர்கின்றன என்பதை -1 முதல் 1 வரையிலான எண்ணாகச் சொல்லும் விரிதாள் சூத்திரம் இது. விடை சுமார் -0.39. மழை கூடினால் விளைச்சல் குறைகிறது என்று சொல்லத் தோன்றும். 3-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துவிட்டுப் போடுங்கள், 0.14 வருகிறது. ஒரே வரிசையை நீக்கியதில் குறியே மாறிவிட்டது. ஆறு வரிசையில் இப்படித்தான் ஆகும். இந்த எண்ணை விவசாயிக்கு அனுப்புவதில் பயன் இல்லை.

3. ஒத்த மழை, ஒவ்வாத விளைச்சல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 2-ஆம் ஆண்டு 420 மி.மீ., 17 மூட்டை. 5-ஆம் ஆண்டு 405 மி.மீ., 8 மூட்டை. மழை கிட்டத்தட்ட ஒன்றுதான், விளைச்சல் பாதிக்கும் கீழே. அவர் மனதில் இருக்கும் கேள்வி பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கும்.

கடலைக்கு மொத்த மழையைவிட மழை வந்த நாள் பெரிது. பூ விட்டு விழுது இறங்கும் சமயத்தில் மண் காய்ந்து இறுகினால் விழுது உள்ளே போகாது, காய் பிடிக்காது. பிறகு பெய்தால் மொத்தக் கணக்கு சரியாகிவிடும், காய் திரும்பாது. 3-ஆம் ஆண்டு வேறு கதையாக இருக்கலாம்: காய் முற்றிய நேரத்தில் விடாத மழை என்றால் கொத்து ரகங்கள் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இலைப்புள்ளி நோயோ, விதை மாற்றமோ கூடக் காரணமாகலாம். இரண்டு பத்தி எண்களால் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

4. பதில் எழுதுங்கள்

"என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கண்டதைச் சொல்லி, அவர் நினைவிலிருந்து சொல்லக்கூடியதைக் கேளுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

"அண்ணே, அட்டவணை பார்த்தேன். 2-ஆம் வருசமும் 5-ஆம் வருசமும் மழை ஒரே அளவு, ஆனா மூட்டை பாதிகூட இல்லை. இதைத்தான் கேட்க நினைச்சீங்களா? 5-ஆம் வருசம் விழுது இறங்குறப்போ மழை எத்தனை நாள் விட்டுப்போச்சு? 3-ஆம் வருசம் பிடுங்குறப்போ காய் முளைச்சிருந்ததா? மழைக் கணக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரைக்குமா, முழு வருசத்துக்குமா?"