வயிற்றுச் சீழை எடுத்தாயிற்று, ஆன்டிபயாடிக் எத்தனை நாள்? நாள் எண்ணும் முறை

அறுவை சிகிச்சை வார்டில் புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் புரியும். ஆனால் யாரும் இதை வைத்துக்கொண்டு தானாக மருந்தை நிறுத்த வேண்டாம். கணக்கு இதுதான்: கிருமியின் ஊற்றை அடைத்த பிறகு நான்கு நாள். எண்ணத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

ஒரு கேஸை வைத்தே போவோம். சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பாம்பன் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளி, வயது 34. கடலில் இருக்கும்போதே தொப்புளைச் சுற்றி வலி. கரைக்கு வந்தும் வலி மாத்திரையில் இரண்டு நாள் ஓட்டிவிட்டார். இங்கே இது வழக்கம்தான். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, வயிறு பலகை மாதிரி இறுகி, 103 டிகிரி காய்ச்சலோடு வந்தார். வெள்ளணு 18,400. குடல்வால் வெடித்து, இடுப்புக்குழிக்குள் சீழ். வந்தவுடனே செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும் ஏற்றினோம். இரவு 11 மணிக்கு அறுவை முடிந்தது.

முதல் படி: ஊற்று நின்றதா?

இதுதான் முக்கியமான படி. இதில் தவறினால் மீதி எதற்கும் பொருளில்லை. வயிற்றுக்குள் கிருமி எங்கிருந்து கொட்டுகிறதோ, அந்த இடம் அடைபட்டிருக்க வேண்டும். வெடித்த குடல்வால் என்றால் அதை எடுத்திருக்க வேண்டும். குடலில் ஓட்டை என்றால் தைத்திருக்க வேண்டும், அல்லது அந்தப் பகுதியை வெட்டியிருக்க வேண்டும். சீழ்க்கட்டி என்றால் குழாய் விட்டு முழுக்க வடித்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஆபரேஷன் குறிப்பைப் படியுங்கள். புரியாவிட்டால் அறுவை செய்தவரிடமே போய், “எல்லாம் வந்துவிட்டதா, ஏதாவது மிச்சம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். “குடல்கள் ஒட்டிக் கிடந்தன, ஒரு பக்கம் போக முடியவில்லை” என்று பதில் வந்தால் நான்கு நாள் கணக்கு இந்த நோயாளிக்கு இல்லை.

நம் ஆளுக்குக் குடல்வாலை அடியோடு எடுத்து, சீழை உறிஞ்சி, சலைன் விட்டுக் கழுவி, மிச்சம் வடிய ஒரு டிரெயின் குழாய் வைத்திருந்தார்கள். ஊற்று நின்றது.

இரண்டாம் படி: எண்ணுவது

ஊற்றை அடைத்த நாள் பூஜ்யம். அறுவைக்கு முன் போட்ட ஊசி எத்தனையானாலும் கணக்கில் வராது. செவ்வாய் பூஜ்யம், புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று, சனி நான்கு. சனிக்கிழமையோடு மருந்து முடிகிறது. அந்தத் தேதியை அறுவை முடிந்த மறுநாள் காலையே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு ரவுண்டிலும் யாராவது “சரி, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்” என்பார்கள். அப்படியே பத்து நாள் ஆகிவிடும்.

இங்கே புதியவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். நோயாளி சாப்பிடத் தொடங்கியதும் ஊசியை மாத்திரையாக மாற்றுகிறோம் அல்லவா, அந்த மாத்திரை நாட்களும் இந்த நான்கில்தான் அடங்கும். நான்கு நாள் ஊசி, அப்புறம் வீட்டுக்கு ஐந்து நாள் மாத்திரை என்று எழுதினால் அது ஒன்பது நாள். அதேபோல, டிரெயின் உள்ளே இருக்கும்வரை மருந்தும் ஓட வேண்டும் என்று நினைக்கிறார்கள். டிரெயின் வேறு வேலைக்கு இருக்கிறது. அதன் நாள் வேறு, மருந்தின் நாள் வேறு.

மூன்றாம் படி: சனிக்கிழமை காலை

அன்று அவருக்குக் காய்ச்சல் 100.2. வெள்ளணு 12,800. இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார், வயிறு மெத்தென்று இருந்தது, காற்றும் பிரிந்திருந்தது. அவருடைய தாயார் என்னைப் பிடித்துக்கொண்டார். “உடம்பு இன்னும் சுடுதே டாக்டரய்யா, ஊசியை நிறுத்தச் சொல்றீகளே?”

நியாயமான கேள்விதான். முன்பு நாங்களும் அப்படித்தான் செய்தோம்: காய்ச்சலும் வெள்ளணுவும் முழுக்க இறங்கும்வரை போட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அந்தச் சூடு கிருமி இன்னும் உயிரோடு இருப்பதால் மட்டும் வருவதில்லை. செத்த கிருமியின் சிதறல்களையும் அழுகிய திசுவையும் உடம்பு அப்புறப்படுத்தும்போது அழற்சி சில நாள் நீடிக்கும். அந்த அழற்சியை ஆன்டிபயாடிக்கால் அணைக்க முடியாது. அந்த அம்மாவிடம் இதை இப்படிச் சொன்னேன்: “வள்ளத்தில் ஓட்டையை அடைச்சு, தண்ணியையும் இறைச்சாச்சு. பலகை ஈரம் காயணும், அதுக்கு மேலும் இறைச்சுக்கிட்டே இருந்தா காயுமா?” அவர் சிரிக்கவில்லை, ஆனால் பையனின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இந்தத் தைரியத்தைக் கொடுத்தது 2015-இல் வெளிவந்த ஸ்டாப்-இட் என்ற ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும், ஊற்று அடைபட்ட 518 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கிட்டத்தட்ட நான்கு நாள் மட்டும். மற்றதற்குக் காய்ச்சல், வெள்ளணு, குடல் அசைவு மூன்றும் சீரான பிறகும் இரண்டு நாள், அதிகபட்சம் பத்து. இரண்டாம் பிரிவில் பெரும்பாலும் எட்டு நாள் அளவுக்குப் போயிற்று. முப்பது நாளுக்குள் காயத்தில் தொற்று, வயிற்றுக்குள் மறுபடி தொற்று, மரணம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது இரு பக்கமும் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேருக்கு. இரட்டிப்பு நாள் மருந்துக்குப் பலன் இல்லை.

எனக்கு அதைவிட உறைத்தது வேறொன்று. மறுபடி தொற்று வந்தவர்களில், நீண்ட நாள் மருந்து வாங்கியவர்களிடம் அது தெரிய வந்தது சராசரியாகப் பதினைந்தாம் நாள் வாக்கில். நான்கு நாள் பிரிவில் பதினோராம் நாள் வாக்கிலேயே தெரிந்துவிட்டது. நீண்ட மருந்து தொற்றைத் தடுக்கவில்லை, அது வெளிப்படுவதைத்தான் தள்ளிப்போட்டது என்று நான் படிக்கிறேன். அந்த நாலைந்து நாளில் நோயாளி மண்டபத்திலோ தொண்டியிலோ தன் வீட்டில் இருப்பார், நம் கண்முன் இருக்கமாட்டார்.

நான்காம் படி: காய்ச்சல் ஏறினால்

100.2 இருந்து இறங்குவது வேறு. ஐந்தாம் ஆறாம் நாளில் 101, 102 என்று ஏறுவதும், வெள்ளணு கூடுவதும், வயிறு உப்பி வாந்தி வருவதும் வேறு. அப்போது கை உடனே வேறொரு பெரிய ஆன்டிபயாடிக்கின் பெயரை எழுதப் போகும். எழுதும் முன், எங்கே சீழ் என்று தேடுங்கள். சளியோடு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மலம் போகிறது என்று நோயாளி சொன்னால் அதை வயிற்றுப்போக்கு என்று ஒதுக்காதீர்கள். இடுப்புக்குழிச் சீழ் மலக்குடலை உறுத்தினாலும் அப்படி ஆகும். ஆசனவாய் வழியே விரல் விட்டுப் பார்த்தால் முன்பக்கம் வலியோடு புடைத்திருக்கும். சி.டி. ஸ்கேன் எடுங்கள். கட்டி இருந்தால் வடிக்க வேண்டும். வடித்த நாள் மறுபடி பூஜ்யம், அங்கிருந்து நான்கு.

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது

இரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்தவர்களுக்கு நாட்களைத் தனியாக முடிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் ஏழு நாள் ஆகும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், வயிற்றை மறுபடி திறந்து பார்க்கத் திட்டமிட்டவர்கள், வடிக்காத கல்லீரல் சீழ்க்கட்டி உள்ளவர்கள், வயிற்றுக் காசநோய் உள்ளவர்கள் ஆகியோரையும் இதில் சேர்க்காதீர்கள். மறுபக்கம், வெடிக்காத குடல்வாலை எடுத்தவருக்கு நான்கு நாளே அதிகம். அறுவையோடு நிறுத்தலாம், மிஞ்சினால் 24 மணி நேரம்.

நம் படகுக்காரருக்கு ஞாயிறு காலை காய்ச்சல் 99. திங்கள் அன்று டிரெயினை எடுத்தோம். செவ்வாய் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் மச்சான் மருந்துக் கடையில் வாங்கிய பத்து ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், “சும்மா ஒரு பாதுகாப்புக்கு.” திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரையை மட்டும் எழுதி, கீழே பெரிய எழுத்தில், 101-க்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிறு உப்புதல், சளியோடு மலம் என்று நான்கையும் எழுதி, இதில் ஒன்று வந்தாலும் அன்றே வரவும் என்று போட்டேன்.