சராசரிச் சம்பளம் 42,200 ரூபாய்: வருமானக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே பீஸ் ரேட்தான் வழக்கம். கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் மாதச் சம்பளமாகவே எடுத்துக்கொள்கிறேன். நான்கு ஹெல்பர்களுக்குத் தலா 12,000. செக்கிங், பேக்கிங்கில் மூன்று பேருக்கு 14, 15, 16 ஆயிரம். நான்கு டெய்லர்களுக்கு 18, 20, 22, 25 ஆயிரம். கட்டிங் மாஸ்டருக்கு 30,000, மெர்ச்சண்டைசருக்கு 45,000, மேனேஜருக்கு 80,000. முதலாளி தனக்கு எடுத்துக்கொள்வது 3 லட்சம். ஆக மொத்தம் 15 பேர், 6,33,000 ரூபாய்.

மொத்தத்தை 15 ஆல் வகுத்தால் கூட்டுச் சராசரி 42,200. வரிசையில் நடுவில், அதாவது எட்டாவது இடத்தில் நிற்பவரின் சம்பளம் இடைநிலை: 18,000. அதிகம் பேர் வாங்கும் சம்பளம் முகடு: 12,000. மூன்றுமே சரியான கணக்குத்தான். எந்தக் கேள்விக்கு எந்த எண்ணைப் பதிலாகச் சொல்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த தவறு முதலில். "எங்கள் கம்பெனியில் சராசரிச் சம்பளம் 42,200" என்று விளம்பரம் கொடுத்தால் அது பொய் ஆகாது. ஆனால் 42,200க்கு மேல் வாங்குபவர்கள் மூன்றே பேர். முதலாளி தன் பங்கை நாலரை லட்சமாக உயர்த்திக்கொண்டால் சராசரி 52,200 ஆகிவிடும். மற்ற பதினான்கு பேருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. வருமானத்துக்குக் கீழே பூஜ்யம் என்று ஒரு தரை உண்டு, மேலே கூரை கிடையாது. அதனால் உச்சியில் இருக்கும் ஓரிருவர் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுகிறார்கள். கல்லூரிகள் போடும் "சராசரி பேக்கேஜ்" விளம்பரத்தை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வேலை கிடைக்காத மாணவர்கள் அந்த வகுத்தலில் சேர்ந்தார்களா என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை.

தனிநபர் வருமானத்திலும் இதே குழப்பம் உண்டு, கூடவே இன்னொன்றும். 2022-23க்கு 2023 பிப்ரவரியில் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவின் தனிநபர் வருமானம் நடப்பு விலையில் ஆண்டுக்குச் சுமார் 1,72,000 ரூபாய். மாதத்துக்கு 14,300 சொச்சம். "இவ்வளவுதானா ஒருவர் சம்பளம்" என்று சிலர் நினைக்கிறார்கள். இது சம்பளமே இல்லை. நிகர தேசிய வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்து வந்த எண். தொட்டில் குழந்தையும் ஒரு தலை. நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குக் கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்ட லாபமும் அந்த வருமானத்தில் அடங்கும். இந்த எண்ணின்படி நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 57,000க்கு மேல் வர வேண்டும். நடுத்தரக் குடும்பத்தின் வரவு இது என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

இந்த இடத்தில் பலரும் "அப்போ இடைநிலையைப் பார்த்தால் போதும்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடைநிலை நடுவில் நிற்பவரை மட்டும்தான் பார்க்கிறது. நான்கு ஹெல்பர்களின் சம்பளத்தை 12,000இலிருந்து 9,000 ஆகக் குறைத்துப் பாருங்கள். இடைநிலை அதே 18,000தான். முதலாளி நாலரை லட்சம் எடுத்தாலும் அதே 18,000. அடிமட்டத்தில் நடக்கும் அநியாயமும் உச்சியில் நடக்கும் குவிப்பும் அதன் கண்ணில் படாது.

இதைவிட மோசமாக வழிதவற வைப்பது ஆள் மாற்றம். ஆர்டர் கூடுகிறது. பழைய பதினைந்து பேருக்கும் 10 சதவீதம் சம்பள உயர்வு. கூடவே 12,000 சம்பளத்தில் ஆறு புதிய ஹெல்பர்களைச் சேர்க்கிறார்கள். இப்போது 21 பேர், நடுவில் நிற்பது பதினோராவது ஆள். கீழிருந்து எண்ணுவோம்: புதியவர்கள் ஆறு பேர், 13,200 வாங்கும் பழைய ஹெல்பர்கள் நான்கு பேர், அடுத்து நிற்பவர் 14,000இலிருந்து 15,400க்கு உயர்ந்த செக்கிங் ஆள். ஆக இடைநிலை 15,400. இடைநிலை 18,000இலிருந்து சரிந்துவிட்டது, ஆனால் ஒருவர் சம்பளமும் குறையவில்லை. இரண்டு ஆண்டுகளின் இடைநிலையை ஒப்பிட்டு "வருமானம் சரிவு" என்று எழுதும் முன், இரண்டு முறையும் ஒரே ஆட்களைத்தான் அளந்தோமா என்று பார்க்க வேண்டும்.

சராசரிதான் சரியாக வரும் இடமும் ஒன்று உண்டு. அடுத்த மாதம் சம்பளத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டால், 18,000ஐ 15 ஆல் பெருக்கி 2,70,000 என்று சொன்னால் பாதிப் பணம்கூடத் தேறாது. மொத்தம் வேண்டும் என்றால் சராசரியைத்தான் ஆளெண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

முகடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் வருமானத்தில் அதை நம்பி இறங்க வேண்டிய சந்தர்ப்பம் குறைவு. ரூபாய் சுத்தமாக எழுதிய பட்டியலில் இரண்டு பேருக்கு ஒரே தொகை வருவதே அபூர்வம். அப்போது எக்செல்லில் `MODE` போட்டால் `#N/A` என்று வரும். வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கிலோ 10,000, 15,000 என்று முழு எண்களிலேயே பதில்கள் குவியும். அங்கே கிடைக்கும் முகடு, மக்கள் தோராயமாகச் சொல்லும் பழக்கத்தைத்தான் காட்டுகிறது. சரி, பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், எங்கே கோடு போடுகிறோமோ அதற்கேற்ப முகடு நகரும். நம் பட்டியலில் 10-13 ஆயிரம் ஒரு பிரிவு, 13-25 ஆயிரம் அடுத்த பிரிவு என்று வைத்தால் முதலாவதில் நான்கு பேர், இரண்டாவதில் 25,000 வாங்குபவரைச் சேர்க்காமல் ஆறு பேர். 12,000இல் இருந்த முகடு 13-25க்குத் தாவிவிட்டது. இரண்டாவது பிரிவு நான்கு மடங்கு அகலம் என்பதே காரணம். பிரிவுகளின் அகலம் ஒன்றாக இல்லாத அட்டவணையில் முகட்டைத் தேடவே வேண்டாம்.

எந்த அளவை எடுத்தாலும் கெடுக்கக்கூடிய ஒரு சின்ன விஷயம், காலிக் கட்டம். இரண்டு ஹெல்பர்கள் சம்பளமில்லா விடுப்பில் போயிருக்கிறார்கள். அவர்கள் கட்டத்தைக் காலியாக விட்டால் `AVERAGE`, `MEDIAN` இரண்டுமே அவர்களை ஆட்களாகவே எண்ணாது. 13 பேருக்குக் கணக்குப் போட்டு சராசரி சுமார் 46,850, இடைநிலை 20,000 என்று காட்டும். இரண்டு பேருக்கு வருமானம் போன மாதத்தில் கம்பெனியின் நிலை மேம்பட்டதுபோல் தெரியும்! அதே கட்டங்களில் 0 என்று எழுதினால் சராசரி 40,600, இடைநிலை 18,000. வருமானம் இல்லாதவருக்கு 0, விவரம் கிடைக்காதவருக்குக் காலி என்று முதலிலேயே பிரித்து எழுதிவிட வேண்டும்.

ஒரே எண்ணோடு நிறுத்தாமல் இடைநிலைக்கு இருபுறமும், வரிசையின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் நிற்கும் கால்மானங்களையும் சேர்த்துக் கொடுப்பதையே நான் விரும்புவேன். நம் 15 பேரில் நான்காவது ஆள் 12,000, எட்டாவது 18,000, பன்னிரண்டாவது 30,000. ஹெல்பர் சம்பளத்தை 9,000 ஆகக் குறைத்தபோது இடைநிலை அசையவில்லை அல்லவா? முதல் கால்மானம் உடனே 9,000க்கு இறங்கியிருக்கும். முதலாளியின் 3 லட்சம் இந்த மூன்றிலும் தெரியாது. அதற்கு மொத்தச் சம்பளத்தில் அவர் பங்கு 47 சதவீதம் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியதுதான்.